டார்க் சொக்லட்டும் சீனி வருத்தமும்: ஒரு துண்டில் எவ்வளவு?



கொஞ்ச நாளாக எமது ஊர்க் குழுக்களில் ஒரு செய்தி கைமாறிக் கொண்டிருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்கள் பால் சொக்லட்டைத் தொடக் கூடாது, டார்க் சொக்லட் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம், அது இதயத்துக்கும் நல்லது, சீனியையும் கூட்டாது என்பதுதான் அந்தச் செய்தி. ஹந்தானையில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் மத்திய கிழக்கிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தி வெறும் செய்தியாக நிற்பதில்லை. அடுத்த பார்சலில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என்று கறுப்பு நிறப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. கொடுப்பவர் அன்போடு கொடுக்கிறார், சாப்பிடுபவர் மருந்து என்று நினைத்துச் சாப்பிடுகிறார்.

இந்தச் செய்தியை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே எமது கருத்து. "டார்க்" என்ற சொல்லுக்குள் சீனி குறைந்த சொக்லட்டும் இருக்கிறது, பால் சொக்லட்டை விடச் சீனி கூடிய சொக்லட்டும் இருக்கிறது. எது எது என்று கண்டுபிடிக்க மூன்று எண்கள் போதும். ஒன்று கொக்கோ சதவீதம், இரண்டாவது 100 கிராமில் உள்ள சீனி, மூன்றாவது நாம் உடைத்து வாயில் போடும் துண்டின் எடை. தரம் எட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கைத் தாண்டி இதில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தச் சதவீதம் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

கொக்கோ எமக்குத் தூரத்துப் பொருளல்ல. மாத்தளைப் பக்கமும் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் போகிறவர்கள் மரத்தின் அடித்தண்டிலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கும் அந்தக் காய்களைக் கண்டிருப்பீர்கள். குண்டசாலையில் சொக்லட் தொழிற்சாலையே இருக்கிறது. காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள் இருக்கும். அவற்றைச் சில நாட்கள் குவித்து வைத்துப் புளிக்கவிட்டு, காயவைத்து, வறுத்து, தோலை நீக்கி அரைத்தால் கறுப்புக் களியாக ஒன்று வரும். அதில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிழிந்து எடுத்தால் அது கொக்கோ வெண்ணெய். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடியாக்கினால் அதுதான் நாம் கடையில் வாங்கும் கொக்கோத் தூள்.

லேபலில் "கொக்கோ 70%" என்று போட்டிருந்தால், களி, வெண்ணெய், தூள் என்று கொக்கோ விதையிலிருந்து வந்த எல்லாவற்றையும் கூட்டினால் 100 கிராமில் 70 கிராம் என்று அர்த்தம். கசப்பான தூள் எவ்வளவு, கொழுப்பான வெண்ணெய் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டு கம்பனிகளின் 70% சொக்லட் ஒன்று வாயைக் கட்டும், மற்றது வழுக்கிக்கொண்டு போகும்.

இனி மிச்சத்தைப் பாருங்கள். 100 கிராமில் 70 கொக்கோ என்றால் எஞ்சிய 30 கிராம் என்ன? பால் சேர்க்காத, உள்ளே எதுவும் நிரப்பாத சாதாரண டார்க் சொக்லட்டில் அந்த 30இல் ஏறக்குறைய எல்லாமே சீனிதான். வனிலா, லெசித்தின் என்று சேர்ப்பவை மிகச் சொற்பம். ஆகவே ஒரு எளிய கழித்தல் போதும். நூறிலிருந்து கொக்கோ சதவீதத்தைக் கழியுங்கள், வருவது 100 கிராமில் உள்ள சீனி. 70% என்றால் 30 கிராம். 85% என்றால் 15 கிராம். 50% என்றால் 50 கிராம். இப்படிக் கணக்குப் பார்த்துவிட்டு உறையைத் திருப்பி ஊட்டச்சத்து அட்டவணையைப் பார்த்தால் பெரும்பாலும் ஓரிரு கிராம் வித்தியாசத்தில் சரியாக இருக்கும்.

பால் சொக்லட்டுக்கு இந்தக் கழித்தல் சரிவராது. அங்கே மிச்சத்தைச் சீனியும் பால்மாவும் பங்கிட்டுக் கொள்கின்றன. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் விதிப்படி, பால் சொக்லட்டில் கொக்கோ குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். 25 கொக்கோ என்றால் மிச்சம் 75. அந்த 75இல் சீனி எவ்வளவு என்று சதவீதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான பால் சொக்லட்டுகளில் 100 கிராமுக்குச் சீனி 50இலிருந்து 57 வரை நிற்கும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். அந்த எண்ணில் பாலில் இயற்கையாக இருக்கும் லக்டோஸும் சேர்ந்திருக்கிறது. அது ஏழெட்டு கிராம் அளவில் இருக்கும். ஒரு சிறு துண்டுக்கு அது அரை கிராம்தான் என்பதால் எமது கணக்கை அது பெரிதாக மாற்றாது.

இப்போது "டார்க்" என்ற சொல்லுக்கு வருவோம். அதே கோடெக்ஸ் விதியில் சாதாரண சொக்லட்டுக்குக் கொக்கோ குறைந்தது 35 சதவீதம் இருந்தால் போதும். அதாவது 35ஐத் தாண்டிய எதையும் கறுப்பு உறையில் சுற்றி டார்க் என்று விற்கலாம். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பிரித்தானியாவில் விற்கப்படும் இரண்டு பழைய சொக்லட்டுகள், இரண்டும் ஒரே கம்பனியுடையவை. கட்பரி டெய்ரி மில்க்கில் 100 கிராமுக்குச் சீனி 56 கிராம். அதே கம்பனியின் போர்ன்வில் டார்க் சொக்லட்டில் கொக்கோ குறைந்தது 36 சதவீதம், சீனியோ 60க்குக் கிட்ட. டார்க் என்ற பெயரில் இருப்பதில்தான் சீனி கூட! காரணம் நாம் மேலே பார்த்த கழித்தலிலேயே இருக்கிறது. பால் சொக்லட்டில் பால்மா ஓரளவு இடத்தை எடுத்துக் கொள்கிறது. கொக்கோ குறைந்த டார்க்கில் அந்த இடத்தையும் சீனிதான் நிரப்புகிறது. இது கம்பனி செய்த ஏமாற்று வேலை அல்ல. லேபலில் எல்லாம் எழுதியிருக்கிறது. லேபலை வாசிக்காமல் பெயரை மட்டும் வாசிப்பது நாம்தான்.

இதுவரை 100 கிராம் கணக்கு. யாரும் 100 கிராமை எடைபோட்டுச் சாப்பிடுவதில்லை. "ஒரு துண்டு" என்றுதான் நாம் சொல்கிறோம். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான்.

டார்க் சொக்லட்டுகளில் பல, பெரிய மெல்லிய சதுரங்களாக வரும். லிண்ட் எக்ஸலன்ஸ் போன்ற 100 கிராம் கட்டியில் பத்துச் சதுரங்கள், அதாவது ஒரு சதுரம் 10 கிராம். பால் சொக்லட்டுகள் பெரும்பாலும் சிறு கட்டங்களாக வரும். ரிட்டர் ஸ்போர்ட் போன்ற 100 கிராம் கட்டியில் 16 சதுரங்கள், ஒன்று 6.25 கிராம். இரண்டையும் "ஒரு துண்டு" என்றே சொல்கிறோம். ஆனால் ஒன்று மற்றதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

உறையில் துண்டின் எடை எழுதியிருக்காவிட்டால் கவலை வேண்டாம். கட்டியின் மொத்த எடையைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். பிறகு அந்த எடையை 100 கிராமுக்கான சீனியால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். செய்து பார்ப்போம்.

பால் சொக்லட், 6.25 கிராம் துண்டு, சீனி 56: ஒரு துண்டில் 3.5 கிராம்.
டார்க் 50%, 10 கிராம் துண்டு, சீனி 50: ஒரு துண்டில் 5 கிராம்.
டார்க் 70%, 10 கிராம் துண்டு, சீனி 30: ஒரு துண்டில் 3 கிராம்.
டார்க் 85%, 10 கிராம் துண்டு, சீனி 15: ஒரு துண்டில் 1.5 கிராம்.

தட்டையாக நிரப்பிய ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்த நான்கு வரியையும் திரும்பப் பாருங்கள். 50% டார்க்கின் ஒரு துண்டு, பால் சொக்லட்டின் ஒரு துண்டை விட ஒன்றரை கிராம் சீனி கூடக் கொடுக்கிறது. 70% டார்க்குக்கும் பால் சொக்லட்டுக்கும் துண்டுக்குத் துண்டு அரை கிராம்தான் வித்தியாசம். ஒரே எடையில், பத்துக்குப் பத்து கிராமாக ஒப்பிட்டால் பால் சொக்லட்டில் 5.6, 70% டார்க்கில் 3 என்று பெரிய இடைவெளி தெரியும். துண்டுக் கணக்கில் அந்த இடைவெளியில் பெரும் பகுதி கரைந்து போகிறது. 85%க்குப் போனால்தான் எந்தக் கணக்கிலும் தெளிவான குறைவு வருகிறது.

இதை வைத்து ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். எமது ஊரில் நடக்கக் கூடியதுதான், பெயர் தேவையில்லை. சீனி வருத்தம் உள்ள ஒரு உம்மம்மா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளின் பால் சொக்லட்டில் இரண்டு சிறு துண்டு எடுப்பார். சீனி 7 கிராம். மகன் கவலைப்பட்டு வெளிநாட்டிலிருந்து டார்க் அனுப்புகிறார். பெட்டியில் பெரிய எழுத்தில் டார்க், சின்ன எழுத்தில் 50%. இது மருந்துதானே என்று உம்மம்மா இப்போது நான்கு துண்டு எடுக்கிறார். நாலு பத்து நாற்பது கிராம், அதில் பாதி சீனி, அதாவது 20 கிராம், ஐந்து தேக்கரண்டி. சீனியைக் குறைக்க வேண்டும் என்று செய்த மாற்றத்தால் சீனி ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. மகன் அனுப்பியது 85% ஆக இருந்திருந்தால் அதே நான்கு துண்டில் 6 கிராம். அப்படியும் பழைய இரண்டு பால் சொக்லட் துண்டை விட ஒரு கிராம்தான் குறைவு. அவர் பழையபடி இரண்டே துண்டு, ஆனால் 85%இல் எடுத்திருந்தால் 3 கிராமோடு முடிந்திருக்கும்.

இங்கே கெடுதல் செய்தது 50% என்ற எண் மட்டுமல்ல. "மருந்து" என்ற நினைப்பும் சேர்ந்துதான் இரண்டு துண்டை நான்காக்கியது. ஆகவே எதையும் மருந்து என்று சொல்லிக் கையில் கொடுக்காதீர்கள் என்று வேண்டிக் கொள்கிறோம்.

சீனியை மட்டும் பார்த்துக் கொழுப்பை மறப்பதும் சரியல்ல. கொக்கோ கூடக் கூட, கொக்கோ வெண்ணெயும் கூடும். 100 கிராம் பால் சொக்லட்டில் சுமார் 530 கலோரி என்றால், 70% டார்க்கில் 570 முதல் 600 வரை வரும். உடல் எடையைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னவருக்கு டார்க் எந்தச் சலுகையும் தராது. உம்மம்மாவின் நான்கு பெரிய துண்டு எந்தச் சதவீதமாக இருந்தாலும் 200 கலோரியைத் தாண்டும்.

அப்படியானால் டார்க்கில் உள்ள நல்ல சத்து பற்றிச் சொல்வதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. கொக்கோவில் ஃபிளவனோல் என்ற சேர்மங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளவனோல் இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சிக்கு உதவுகிறது என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2012இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த ஃபிளவனோல் புளிக்க வைக்கும்போதும் வறுக்கும்போதும் குறைகிறது. கசப்பைத் தணிக்கக் காரம் சேர்த்துப் பதப்படுத்தினால் இன்னும் நிறையப் போய்விடுகிறது. கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்பதைக் கொக்கோ சதவீதம் சொல்லாது. சாதாரண சொக்லட்டின் உறையில் அந்த எண் இருப்பதும் இல்லை. ஆகவே சதவீதத்தைச் சீனிக் கணக்குக்குப் பயன்படுத்துங்கள். இதய மருந்தின் அளவாக அதை வாசிக்க வேண்டாம்.

அடுத்தது, இந்த ஊட்டியுள்ள கணக்குப் பிழைக்கும் இடங்கள். கழித்தல் முறை எல்லா உறைக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உள்ளே எதையாவது நிரப்பியவை. கரமல், தோடம்பழ ஜெல்லி, ஈச்சம்பழக் கூழ், பிஸ்தாக் கூழ் என்று நடுவில் வைத்த சொக்லட்டுகள் பெருநாள் பெட்டிகளில் நிறைய வரும். அதில் 70% என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது வெளித் தோடாக இருக்கும் சொக்லட்டுக்கு மட்டும் உரிய எண். உள்ளே இருப்பதன் சீனி அந்தக் கழித்தலுக்குள் வராது. இப்படியானவற்றுக்கு அட்டவணையில் உள்ள சீனி எண்ணை மட்டும் நம்புங்கள்.

இரண்டாவது, சதவீதமே போடாதவை. எமது சில்லறைக் கடைகளில் பிள்ளைகள் வாங்கும் பல இனிப்புகள் இந்த வகை. இவற்றுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. சேர்பொருட்களின் பட்டியலில் எடை கூடியது முதலில் வரும். உறையைத் திருப்பி முதல் சொல்லைப் பாருங்கள். முதலில் கொக்கோக் களி என்று இருந்தால் அதில் கொக்கோதான் அதிகம். முதலில் சீனி என்று இருந்தால், முன்பக்கம் டார்க் என்று எழுதியிருந்தாலும் அதில் வேறெதையும் விடச் சீனி அதிகம். முதலில் சீனி, அடுத்தது தாவரக் கொழுப்பு, அதற்குப் பின் கொக்கோத் தூள் என்று வந்தால் அது சொக்லட் சுவையுள்ள பூச்சு. கொக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடும், அதனால் நல்ல சொக்லட் விரலில் பிடித்தாலே ஒட்டும். நண்பகல் வெயிலில் கடைக் கண்ணாடிப் போத்தலுக்குள் இருந்தும் அசையாமல் நிற்கிற சொக்லட் என்றால் பெரும்பாலும் வேறு கொழுப்பில் செய்தது என்று எண்ணலாம்.

மூன்றாவது, "சீனி சேர்க்காதது" என்று எழுதியவை. அவற்றில் பெரும்பாலும் மோல்டிட்டோல் போன்ற இனிப்பூட்டிகள் இருக்கும். அவை சீனியை விடக் குறைவாகத்தான் இரத்தத்தில் சீனியைக் கூட்டும், ஆனால் கூட்டாமல் விடாது. கூடுதலாகச் சாப்பிட்டால் வயிற்றோட்டமும் வரும். கொழுப்பு அப்படியே இருக்கும், கலோரியும் பெரிதாகக் குறையாது.

நான்காவது ஒன்று இருக்கிறது. இது கணக்குப் பிழை அல்ல, ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சில நேரம் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்கள் கையில் கிடைக்கும் சொக்லட்டைக் கொடுப்பதுண்டு. சொக்லட்டில் உள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். டார்க் என்றால் சீனியும் குறைவு, கொழுப்பும் அதிகம், இரண்டு வகையிலும் பொருத்தமில்லை. அந்த நேரத்துக்குத் தேவை குளுக்கோஸ் அல்லது மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். கால் மணி நேரம் பொறுத்துத் திரும்பச் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அளவு பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். ஒரு துண்டு சொக்லட்டைப் பார்த்துப் பயப்படுகிற எமது வீடுகளில் பிளேன்டீக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறோம்? இரண்டு கரண்டி என்றால் 8 கிராம். நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, வளர்ந்த ஒருவர் இப்படிச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. தேயிலை மலையடியில் வாழும் எமக்குத் தேநீர்க் கோப்பையிலேயே அந்த 25 தீர்ந்துவிடுகிறது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் சீனி இல்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும் பங்கு சீனிதான். ஆகவே 70% டார்க் ஒரு துண்டு, அல்லது பால் சொக்லட் ஒரு சிறு துண்டு, மூன்று அல்லது மூன்றரை கிராம் சீனி. ஒரு கரண்டியை விடக் குறைவு. ஒரு கோப்பைத் தேநீரில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு அந்தத் துண்டைச் சாப்பிட்டால் அன்றைய கணக்கில் சீனி கூடாது. முழுக் கட்டியும் ஒரே இருப்பில் முடிவதுதான் கணக்கைக் குலைக்கிறது.

பாடசாலையில் சதவீதப் பாடத்தின்போது தரம் எட்டுப் பிள்ளைகளிடம் வெறும் சொக்லட் உறைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பெருநாள் முடிந்த வாரம் என்பதால் உறைக்குப் பஞ்சமில்லை. மூன்று நிரல் போட்டார்கள்: பெயர், 100 கிராமில் சீனி, ஒரு துண்டில் சீனி. முதலில் கறுப்பு உறைகளை ஒரு பக்கமும் மற்றவற்றை மறு பக்கமும் வைத்தவர்கள், கணக்கு முடிந்ததும் தாங்களாகவே இடம் மாற்றி அடுக்கினார்கள். கறுப்பு உறைகளில் இரண்டு, பால் சொக்லட் பக்கத்தையும் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டன. "சேர், அப்ப கலர் பார்த்து வாங்கக் கூடாதா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்கு மேல் நாம் விளக்க எதுவும் இருக்கவில்லை. சிலரின் உறையில் அட்டவணை எழுத்து மிகச் சிறியது, வாசிக்க முடியவில்லை. அவற்றைத் தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசித்தார்கள். வீட்டில் பெரியவர்களும் அப்படிச் செய்யலாம்.

இனி, மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

வெளிநாட்டில் இருக்கும் எமது சகோதரர்களிடம்: உம்மா வாப்பாவுக்கு டார்க் அனுப்புவதென்றால் 85% அல்லது அதற்கு மேல் பார்த்து அனுப்புங்கள். அவர்களுக்குக் கசப்புப் பிடிக்காது என்றால் 50% டார்க் அனுப்பி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். அதற்குப் பதில் அவர்களுக்குப் பிடித்த பால் சொக்லட்டிலேயே சிறிய கட்டி ஒன்று அனுப்பி, நாளுக்கு ஒரு துண்டு என்று சொல்லுங்கள். சீனிக் கணக்கில் அதுதான் குறைவு. எத்தனை துண்டு என்பதையும் பெட்டி மேல் எழுதி அனுப்புங்கள்.

கடை வைத்திருப்பவர்களிடம்: பெரிய கட்டிகளை உடைத்துச் சில்லறையாக, சின்னப் பொலித்தீன் பையில் போட்டு விற்கிறீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. வாங்குபவருக்கு அது வசதி. ஆனால் அந்த முதல் உறையை வீசிவிடாமல் போத்தல் பக்கத்தில் வைத்திருங்கள். அதில்தான் சதவீதமும் சீனியும் காலாவதித் திகதியும் இருக்கின்றன. கேட்பவருக்குக் காட்ட உங்களிடம் வேறெதுவும் இல்லை.

சீனி வருத்தம் உள்ளவர்களிடம்: உங்கள் உடம்பின் அளவு உங்களுக்கும் உங்கள் வைத்தியருக்கும்தான் தெரியும். அடுத்த முறை கிளினிக் போகும்போது சொக்லட் சாப்பிடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். இத்தனை கிராம் துண்டு, அதில் இத்தனை கிராம் சீனி, ஒரு நாளைக்கு ஒன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். எண்ணோடு கேட்கும் கேள்விக்குத்தான் எண்ணோடு பதில் வரும்.

குழுவில் அந்தச் செய்தி இனியும் வரும். வரும்போது அதை அழிக்கச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கீழே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: எத்தனை சதவீதம், ஒரு துண்டு எத்தனை கிராம்?